அளவு போதாது

கிரயப் பத்திரம் எழுத இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம்தான் பச்சையம்மா நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளோடு டியூஷனுக்கு வந்தாள். செருப்பைக்கூட வாசலில் விடவில்லை. நேராக உள்ளே வந்து தாளை அருள்மேரியின் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா கேக்குறாரு. இது ஏன் தப்பு?"

கேள்வியை அவள் சொல்லியே இருக்க வேண்டியதில்லை. தாளின் அடியில் நீலப் பேனாவில், தாளே கிழியும்படி அழுத்தி, அவள் அப்பா தசரதன் அதை எழுதியிருந்தார். இது ஏன் தப்பு? அதற்கு மேலே தாள் முழுக்கச் சிவப்பு. வட்டங்கள், ஒரு நெளிகோடு, மூலைக்கு மூலை விட்டுவிட்டு இழுத்த ஒரு கோடு, பெரிய குறுக்குக் கோடு, பத்துக்கு இரண்டு.

முன்னறையில் மற்ற ஐந்து பிள்ளைகளும் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்க படிங்க," என்றாள் அருள்மேரி. அவள் சொன்னது முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவளுடைய குரல் அப்படி. பி.எஸ்சி. இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள் வேலைக்கான நேர்காணல் மூன்றிலும் தோற்றாள் என்றால் அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா" என்று மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த சத்தமும் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்பதால் இந்த டியூஷன்.

"செருப்பைக் கழட்டிட்டு வா பச்சை. உக்காரு."

"அப்பா ரொம்ப கோவமா கீறாருக்கா. ஏகநாதன் சாருக்குக் கணக்கே தெரியலைன்னாரு. நீங்க கீழ 'சரி'ன்னு எழுதி, பி.எஸ்சி.ன்னு போட்டுக் கையெழுத்துப் போடணுமாம். சனிக்கிழமை மீட்டிங்குல காட்டப்போறாரு."

பச்சையம்மா படித்த அரசினர் உயர்நிலைப் பள்ளியில் தசரதன்தான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். மாடம்பாக்கத்தில் ஏரிக்குக் கீழே அவர் அப்பா நெல் விளைவித்த நிலத்தை மனைகளாகப் போட்டு, குலதெய்வத்தின் பேரையே நகருக்கும் மகளுக்கும் வைத்தவர். பச்சையம்மன் நகரில் ஒரு கிரவுண்டை, அதாவது 2400 சதுர அடி மனையை, அருள்மேரியின் அப்பா சவுரிமுத்து நான்கு வருடமாகத் தவணை கட்டி வாங்கியிருந்தார். திங்கட்கிழமை பதிவு என்பது அந்த மனைக்குத்தான்.

அருள்மேரி தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

கேள்வியை மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள் பச்சை. உன் வீட்டருகே உள்ள நான்கு பக்க மனை ஒன்றை அளந்து, அதன் பரப்பளவைக் காண்க. கீழே ஸ்கேல் வைத்து அழகாக ஒரு செவ்வகம். பக்கங்களில் 39, 61, 41, 59. நான்கு மூலையிலும் செங்கோணத்துக்கான சின்னக் கட்டம். அதற்கும் கீழே கணக்கு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, நீளம் 60, அகலம் 40. அறுபது பெருக்கல் நாற்பது, 2400 அடி.

"இது யாரு சொல்லிக் கொடுத்த முறை?"

"அப்பாதான். எங்க தாத்தா கழனிய இப்படித்தான் அளப்பாராம். எல்லா மனையும் அப்படித்தான் அளந்தாரு அப்பா. டக்குனு வந்துரும்க்கா."

"சரி. சார் என்ன போட்டிருக்கார்னு ஒண்ணொண்ணாப் பாப்போம். இந்தச் சின்ன டிக் தெரியுதா?"

பச்சை குனிந்தாள். பெருக்கலுக்குப் பக்கத்தில், சிவப்புக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு குட்டி 'சரி' இருந்தது.

"கூட்டல், பாதி, பெருக்கல் மூணும் சரி. அந்த ரெண்டு மார்க் அதுக்குத்தான்."

"மீதி எட்டு?"

"2400 அடியைச் சுத்தி வட்டம் போட்டிருக்கார். அடின்னா நீளம். இடத்தைச் சொல்லச் சதுர அடி வேணும்."

"அது மறந்துட்டேன். அதுக்கு எட்டா?"

"இல்ல. இங்க பாரு." அருள்மேரி படத்தின் நான்கு மூலைகளையும் தொட்டாள். நான்கு செங்கோணக் கட்டங்களையும் சார் வட்டமிட்டிருந்தார். "நாலு மூலையும் செங்கோணமா இருந்தா எதிர்ப் பக்கம் ரெண்டும் சமமா இருக்கணும். உன்னுது ஒண்ணு முப்பத்தொம்பது, ஒண்ணு நாப்பத்தொண்ணு. அளவு ஒண்ணு சொல்லுது, படம் வேற ஒண்ணு சொல்லுது. மூலையை நீ அளந்தியா?"

"மூலையை எப்படிக்கா அளக்கிறது? மனைன்னா நேராத்தானே இருக்கும்."

"அதனாலதான் இந்தப் புள்ளிக் கோடு." மூலைக்கு மூலை போயிருந்த சிவப்புக் கோட்டின் மேல் சார் 'மூலைவிட்டம்?' என்று கேட்டிருந்தார். பாதியாக்கிய வரிகளுக்கு அடியில் நெளிகோடு, பக்கத்தில் 'எந்தச் சூத்திரம்?'. கடைசியாக, பெரிய குறுக்குக் கோட்டுக்குக் கீழே இரண்டே சொல். அளவு போதாது.

அந்த இரண்டு சொல்லை அருள்மேரி இரண்டு தடவை படித்தாள். ஏகநாதன் சாரை அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் யோசிக்கும் விதம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"பச்சை, சார் உன் விடை தப்புன்னு சொல்லவே இல்ல. இந்த நாலு அளவை வெச்சு விடையே சொல்ல முடியாதுங்கிறார்."

"நாலு பக்கமும் அளந்தாச்சே! அஞ்சாவது பக்கத்துக்கு எங்க போறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அருள்மேரி எழுந்து போய்த் துடைப்பத்திலிருந்து நான்கு ஈர்க்குச்சி உருவி வந்தாள். சமமாக இரண்டு நீளம், சமமாக இரண்டு குட்டை. நூலால் நான்கு முனையையும் தளர்வாகக் கட்டித் தரையில் செவ்வகமாக வைத்தாள்.

"இதுக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துக்கோ. இப்ப ஒரு மூலையை மட்டும் மெதுவாத் தள்ளு."

பச்சை தள்ளினாள். சட்டம் சாய்ந்தது. இன்னும் தள்ளினாள். இன்னும் சாய்ந்தது. கடைசியில் நான்கு குச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன.

"குச்சி எதுவும் குட்டையாச்சா?"

"இல்ல."

"உள்ள இடம்?"

பச்சை குச்சிகளை மறுபடி செவ்வகமாக்கினாள், மறுபடி படுக்க வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சண்டை மெல்ல வேறொன்றாக மாறியது. "அப்பா கணக்குல போட்டா ரெண்டுக்கும் ஒரே விடைதான்க்கா வரும்," என்றாள்.

"ஆமாம். மூலைக்கு மூலை ஒரு குச்சி வெச்சுக் கட்டிட்டா அப்புறம் சட்டம் அசையாது. அதான் சார் கேக்குற மூலைவிட்டம். சரி, நீ எந்த மனையை அளந்தே? போய் அளந்துட்டு வா. மீதியை நான் சொல்லித் தரேன்."

"உங்க மனையைத்தான்க்கா அளந்தேன். பதினேழாம் நம்பர். அதுலதான் முள்ளு கம்மி."

அருள்மேரி தாளை மடித்து வைத்தாள். அப்புறம் பிரித்தாள். 39, 61, 41, 59. இந்த நான்கு எண்களையும் அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். அப்பா முத்திரைத்தாளில் எழுதக் கொடுத்திருந்த சொத்து விவரத்தில் இதே எண்கள் இருந்தன. 'ஆக 2400 சதுர அடி' என்று முடிந்திருந்தது. அளந்த மனையும் ஒன்றே, முறையும் ஒன்றே என்றால் விடையும் ஒன்றாகத்தானே இருக்கும்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

பச்சையம்மன் நகரில் அப்போது மூன்று வீடுகள்தான் இருந்தன. மற்றதெல்லாம் சுண்ணாம்பு அடித்த மூலைக்கற்கள், நெருஞ்சி, இரண்டு ஆடுகள். முன்னால் போன மண் ரோடு பழைய வாய்க்காலை ஒட்டியே போட்டது. வாய்க்கால் சாய்ந்த இடத்தில் ரோடும் சாய்ந்தது. ரோடு சாய்ந்த இடத்தில் மனைகளும் சாய்ந்திருந்தன. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வந்து, சமையலறை எங்கே, கிணறு எங்கே என்று குச்சியால் கோடு போட்டுப் பார்த்த இடம். சாய்ந்திருப்பது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் அவள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பச்சை அப்பாவின் நூறடி டேப்பையே கொண்டுவந்திருந்தாள். "மேரி பாப்பா கேட்டா குடு, நல்லா அளக்கட்டும்னு சொன்னாரு," என்றாள்.

முதலில் நான்கு பக்கத்தையும் மறுபடி அளந்தார்கள். பச்சை எழுதியது அத்தனையும் சரி. பிறகு ரோட்டோர மூலைக்கல்லிலிருந்து பின்பக்கத்து எதிர் மூலைக்கல்லுக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். எண்பத்துநான்கு அடி.

"இப்ப மீதி ரெண்டு மூலைலேர்ந்தும் இந்தக் கயிறு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாக்கணும். நேர் செங்குத்தா."

"செங்குத்துன்னு எப்படித் தெரியும்?"

"டேப்பு நுனியைப் பிடிச்சுக்கிட்டுக் கயித்தோரமா இப்படியும் அப்படியும் நட. நான் கல்லுகிட்ட டேப்பை இழுத்துப் பிடிச்சுப் படிக்கிறேன். எங்க அளவு ரொம்பக் குறைச்சலா வருதோ, அதுதான் செங்குத்து."

பச்சை கயிற்றோரமாக நடந்தாள். முப்பது, இருபத்தெட்டு, இருபத்தேழு. குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது. குறைவது நின்ற இடத்து எண்ணை அருள்மேரி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த மூலைக்குப் போய் அதையும் படித்தாள். இரண்டையும் கூட்டி, எண்பத்துநான்கில் பாதியால் பெருக்கினாள். மனக்கணக்குத்தான். மறுபடி ஒரு தடவை பெருக்கினாள். விடை மாறவில்லை.

"எவ்ளோக்கா வந்துச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் புல்லட் சத்தம் கேட்டது. தசரதன் வெள்ளைச் சட்டை பறக்க ரோட்டோரம் வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"இன்னா பாப்பா, வெயில்ல நின்னுகினு கீறே? கருத்துப்புடுவே." அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சவுரிமுத்து ஒரு வருடம் இரண்டு தவணை தவறியபோது ஒரு வார்த்தை கேட்காதவர். "கயிறெல்லாம் கட்டி ஜோராத்தான் கீது. அளந்தாச்சா?"

அருள்மேரி தலையை ஆட்டினாள்.

"நம்ம கணக்கு கரெக்ட்டா வந்துச்சா, இல்லையா?"

சொல்ல வேண்டியது ஓர் எண். அது வரவில்லை. அவள் தலையைக் குனிந்தாள்.

தசரதனுக்கு அது போதும். பெண்பிள்ளை வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார். "அப்படிச் சொல்லு! படிச்ச புள்ளயே சொல்லிடுச்சு. கையெழுத்துக் கூட வாணாம் பாப்பா, சனிக்கிழமை நீயே மீட்டிங்குக்கு வந்து வாயால சொல்லிடு. அந்த ஏகநாதன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்குறேன். எம்பொண்ணு நோட்டுல சிவப்பு இங்க்கி அடிக்கிறானா? மதுராந்தகம் தாண்டி எங்கயாச்சும் பொட்டக்காட்டுக்கு மாத்தல் வாங்கிக் குடுத்துர்றேன்." புல்லட் கிளம்பிப் போனது.

பச்சை கயிற்றைச் சுருட்டியபடியே அருள்மேரியைப் பார்த்தாள். "நீங்க எதுவுமே சொல்லலையேக்கா," என்றாள்.

"வீட்டுக்குப் போ பச்சை. பொழுது போயிடுச்சு."

சவுரிமுத்து ஷிப்டு முடிந்து வந்து, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அருள்மேரி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். எண்ணையும் சொன்னாள். அவர் சோப்பை வைக்காமல் நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்படின்னா ஒரு ரூம் அளவு குறையுது," என்றார்.

"ஆமாம்ப்பா."

"அவருக்கும் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். நெஜமாவே நம்புறார்."

சவுரிமுத்து குழாயை மூடினார். "நீ வாயைத் திறக்காதே. இன்னும் நாலு நாள். பதிவு முடியட்டும். இல்லாததை நாம என்ன பண்ண முடியும்? இருக்கிறதுல கட்டிக்கலாம்."

"பத்திரத்துல 2400ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் யாரைக் கேக்குறது?"

"இப்ப கேட்டா மனையே கிடையாதும்பார். பணத்தை எடுத்துட்டுப் போன்னு சொல்லிடுவார். நாலு வருஷத்துக்கு முந்தின விலையில இன்னிக்குப் பெருங்களத்தூருக்கு அந்தாண்டை போனாலும் இடம் கிடைக்குமா?" அவர் துண்டை உதறினார். "போ, ரெண்டு வார்த்தை. 'சரியா இருக்கு சார்'. சொல்லிட்டு வந்துடு. உனக்குத்தான் அதிகம் பேசவே வராதே."

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. இருபத்து மூன்று வருடமாக எல்லோரும் அவளுடைய மௌனத்தைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நேர்காணலில் தெரியாது என்று எடுத்துக்கொண்டார்கள். தசரதன் சரி என்று எடுத்துக்கொண்டார். அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். அவள் ஒன்றுமே சொல்லாமல் மூன்று பேருக்கும் மூன்று பதில் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டாம் வகுப்பு அறையில் கூட்டம். தலைமையாசிரியர் ராஜகோபால் நடுவில், ஒரு பக்கம் தசரதன், இன்னொரு பக்கம் ஏகநாதன் சார். சார் அவள் நினைத்ததைவிட வயதில் சின்னவராக இருந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. பெஞ்சுகளில் முப்பது பேர் போலப் பெற்றோர்கள். கால்வாசிப் பேர் பச்சையம்மன் நகரில் மனை வாங்கியவர்கள். அருள்மேரி கடைசி பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்தாள். பச்சையம்மா கூப்பிடாமலே வந்து அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

கழிவறைக் கதவு, குடிநீர்த் தொட்டி பற்றிய பேச்செல்லாம் முடிந்தது. தசரதன் எழுந்தார். தாளை எடுத்து மேசை மேல் தட்டி வைத்தார்.

"ஹெட்மாஸ்டர் சார், நான் படிக்காதவன். அஞ்சாவதோட சரி. ஆனா நிலம் எனக்குத் தெரியும். எங்கப்பன் கோல் வெச்சு அளந்தான், நான் டேப்பு வெச்சு அளக்குறேன். நாலு பக்கம், எதிருக்கு எதிர் கூட்டிப் பாதி, பெருக்கு. இந்த ஊரே இப்படித்தான் அளந்துகினு வருது. அதை எம்பொண்ணு எழுதினா உங்க வாத்தியார் சிவப்பால அடிக்கிறாரு. இது ஏன் தப்பு? எனக்கு இப்ப தெரியணும்."

ராஜகோபால் கண்ணாடியைத் துடைத்தார். "ஏகநாதன்?"

"விடை தப்புன்னு நான் எழுதலை சார்," என்றார் ஏகநாதன். "அளவு போதாதுன்னுதான் எழுதியிருக்கேன். மூலைவிட்டம் இல்லாம நாற்கரத்தோட பரப்பளவு சொல்ல முடியாது. மனை நேரா இருந்தா அவர் கணக்கு கிட்டத்தட்ட சரியா வரும். சாய்ஞ்சிருந்தா வராது. நேரா, சாய்வான்னு இந்தத் தாள்லேர்ந்து தெரியாது."

"கேட்டுக்குங்க, வாத்தியாருக்கே தெரியலையாம்!" தசரதன் கையை விரித்தார். பெஞ்சுகளில் சிரிப்பு. "எனக்குச் சாட்சி கீது. நம்ம சவுரிமுத்து பொண்ணு, பி.எஸ்சி. படிச்சது. நேர்ல போய் கயிறு கட்டி அளந்து, சரின்னு என்கிட்டயே சொல்லிச்சு. மேரி, எழுந்திரும்மா. நீயே சொல்லு."

முப்பது தலைகள் திரும்பின. அருள்மேரி எழுந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது.

"ரெண்டு வார்த்தை," என்று அப்பா முணுமுணுத்தார்.

"நான்," என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"சத்தமா, பாப்பா!"

அப்போது பச்சையம்மா எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய், பொட்டலத்தைப் பிரித்து, ஈர்க்குச்சிச் சட்டத்தை அப்பாவின் முன்னால் மேசை மேல் வைத்தாள்.

"அப்பா, இது நம்ம மனைன்னு வெச்சுக்கோங்க. நாலு பக்கம். உங்க கணக்குல எவ்ளோ?"

"ஏய், போய் உக்காரு."

"சொல்லுங்கப்பா. ஒரு கிரவுண்டுன்னு வெச்சுக்கோங்க." அவள் ஒரு மூலையைத் தள்ளினாள். சட்டம் சாய்ந்தது. "இப்ப? நாலு பக்கமும் அதே அளவுதான்." இன்னும் தள்ளினாள். "இப்ப?" கடைசியாக நான்கு குச்சியையும் ஒரு கட்டாகப் படுக்க வைத்தாள். "இப்பவும் உங்க கணக்குல ஒரு கிரவுண்டுதான். எறும்பு போவக்கூட எடம் இல்ல."

முதலில் முன் பெஞ்சிலிருந்த முனிரத்தினம்தான் சிரித்தார். ரோட்டு முனையில் இருபதாம் நம்பர் மனை வாங்கிய மளிகைக்காரர். சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தன் மனையும் அதே சாய்ந்த வரிசை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "தசரதா," என்றார், "எந்தண்டை சாயுதோ அந்தண்டை கொறையுமா?"

"எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் குறையும்," என்றார் ஏகநாதன். "இந்த முறையில அளந்தா இருக்கிறதைவிடக் கூடத்தான் வரும். குறைச்சலா ஒரு நாளும் வராது."

அறையில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யாரோ பின்னாலிருந்து, "அப்ப என்னுது?" என்று கேட்டார்கள். தசரதனின் முகம் சிவந்தது. அவர் குச்சிக்கட்டைக் கையில் எடுத்தார்.

"குச்சிய நசுக்குனா நசுங்கும்! மனைய எவன் நசுக்குவான்? தோ பாரு, ஏமாத்துறவன் நான் இல்ல. எங்க குலதெய்வம் பேர்ல போட்ட மனை அது. கொறையுது கொறையுதுன்னா எது கொறையுது, எவ்ளோ கொறையுது? ஒருத்தன் அளந்து சொல்லுங்கடா பாப்போம். எவன் அளந்தான்?"

ஏகநாதன் சார் தாளைப் பார்த்தார். அதில் நான்கு எண்களுக்கு மேல் எதுவும் இல்லை. அவரால் அதற்குமேல் சொல்ல முடியாது. பச்சையம்மா திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவளுக்கும் எண் தெரியாது. டேப்பு நுனியை அவள் பிடித்திருந்தாள், எண் இருந்த பக்கத்தில் அவள் இல்லை.

சவுரிமுத்து மகளின் தாவணி நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். உக்காரு என்று அர்த்தம்.

அருள்மேரி உட்காரவில்லை. அப்பாவின் விரல்களிலிருந்து நுனியை விடுவித்தாள். பெஞ்சை விட்டு வெளியே வந்து, கரும்பலகைக்குப் போனாள். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து நான்கு கோடு போட்டாள். இந்தத் தடவை செவ்வகம் இல்லை, அது சாய்ந்தே இருந்தது. பக்கங்களில் 39, 61, 41, 59 என்று எழுதினாள். மூலைக்கு மூலை ஒரு கோடு, அதன் மேல் 84. மற்ற இரண்டு மூலையிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இரண்டு கோடு. ஒன்றில் இருபத்தாறு. இன்னொன்றில் இருபத்தாறரை. கூட்டினால் ஐம்பத்திரண்டரை. அதற்குப் பக்கத்தில், எண்பத்துநான்கில் பாதி, நாற்பத்திரண்டு.

பெருக்கலை எழுதவில்லை. சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் அளந்தேன் சார்," என்றாள். குரல் நடுங்கியது. அடுத்த வார்த்தையில் நடுக்கம் குறைந்திருந்தது. "வியாழக்கிழமை நீங்க கேட்டப்ப நான் சரின்னு சொல்லலை. தலையைக் குனிஞ்சேன். அதை நீங்க சரின்னு எடுத்துக்கிட்டீங்க."

"இன்னாம்மா சொல்றே நீ?"

"ஏகநாதன் சார் போட்ட சிவப்பு எல்லாம் சரி. ஒரு வட்டம்கூடத் தப்பு இல்ல. பச்சை அளந்தது பதினேழாம் நம்பர். எங்க மனை. திங்கட்கிழமை அதை 2400ன்னு எழுதுறதா இருக்கு. எங்கப்பா பேசாதேன்னு சொன்னார். நீங்க மனை கொடுக்க மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்ல, இல்லாத இடத்துக்கு எங்கப்பா கையெழுத்துப் போட மாட்டார்."

கடைசி பெஞ்சில் சவுரிமுத்து எழுந்து நின்றுவிட்டார். மகளை உட்காரச் சொல்லவில்லை.

"எவ்ளோம்மா?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"கேக்குறாங்க இல்ல, சொல்லு!" என்றார் தசரதன். அவர் கையிலிருந்த குச்சிக்கட்டு நூல் அவிழ்ந்து தரையில் விழுந்தது. "எவ்ளோதான் கீது அந்த மனை?"

கடைசி பெஞ்சு வரைக்கும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்கும்படி அருள்மேரி சொன்னாள்:

"ரெண்டாயிரத்து இருநூத்தி அஞ்சு சதுர அடி."